சீனப் புத்தாண்டு விடுமுறையும் நேர்காணல் முடிவும்: எந்த நாளில் விசாரிப்பது?

(பினாங்கின் பிறை நகரில் ஒரு சீனக் குடும்ப நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் பதிலளிக்கிறார்.)

கேள்வி (பட்டர்வொர்த்): ஐயா, பிப்ரவரி 5 வியாழக்கிழமை கணக்குப் பிரிவு வேலைக்கு நேர்காணல் முடிந்தது. இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். வாசலில் 16 முதல் 22 வரை அலுவலகம் மூடப்படும் என்று ஒட்டியிருக்கிறது. 19ஆம் தேதியே கேட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. இரண்டு வாரம் என்று சொன்னவர் தம் மனத்தில் பத்து வேலை நாள்களையே வைத்திருப்பார். ஆகவே நாள்காட்டியை விட்டுவிட்டு வேலை நாள்களை மட்டும் எண்ணுங்கள். நேர்காணலுக்கு மறுநாள் 6ஆம் தேதி ஒன்று, 9 முதல் 13 வரை ஐந்து. மூடுவதற்கு முன் ஆறு நாள்களே கிடைக்கின்றன. மிச்சமுள்ள நான்கும் 23ஆம் தேதி திறந்த பிறகுதான் தொடங்கும் என்பதால், அவர்கள் சொன்ன கெடு உண்மையில் 26ஆம் தேதி மாலையில் முடிகிறது. நியாயமாகக் கேட்கக்கூடிய முதல் நாள் 27 வெள்ளி.

ஆனால் நானாக இருந்தால் அன்றும் கேட்க மாட்டேன். அது பிப்ரவரியின் கடைசி வேலை நாள். ஊழியர்களுக்கு வருமான வரிக்கான இஏ படிவத்தை அம்மாத இறுதிக்குள் கொடுத்தாக வேண்டும்; கூடவே சம்பளக் கணக்கும் முடிய வேண்டும். ஒரு வாரம் மூடிக் கிடந்த அலுவலகத்தில் இவ்விரண்டும் ஒரே மேசையில் வந்து விழும்போது, உங்கள் கடிதத்தைத் திறப்பவர் அதைப் படிப்பார், பதில் எழுத மாட்டார். மார்ச் 3 செவ்வாய் காலை பத்து மணி அளவில் அனுப்புங்கள். நோன்பு மாதமும் நடப்பதால் சில அலுவலகங்களில் முஸ்லிம் ஊழியர்கள் மாலையில் சற்று முன்னதாகவே புறப்படுவார்கள். ஆகையால் பிற்பகலைவிடக் காலையே நல்லது.

கேள்வி (செந்தூல்): நான் எப்போதும் அலுவலகம் திறக்கும் நாளில் காலை எட்டு மணிக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன். நம்முடையதுதான் முதலில் கண்ணில் படும். இது சரியான உத்திதானே?

பதில்: பாதி சரி. திறக்கும் நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதில் உங்களோடு நான் உடன்படுகிறேன். கண்ணில் படுவதும் உண்மைதான்; ஆனால் யாருடைய கண்ணில் என்பதே கேள்வி. எங்கள் நிறுவனத்தில் திறப்பு நாள் என்றால் சிங்க நடனம், முதலாளி கையால் அங்பாவ், பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. மேசைக்குத் திரும்பும்போது மதியம் ஆகிவிடும். அன்று வந்திருப்பவர் பெரும்பாலும் மனிதவளப் பிரிவின் எழுத்தர். வேலைக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டிய மேலாளர் மேலும் சில நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டு ஊரில் இருப்பார். எழுத்தர் என்ன செய்வார்? “பரிசீலனையில் உள்ளது, பின்னர் அறிவிப்போம்” என்று ஒரு வரி எழுதிவிடுவார். உங்களுக்கு அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒருமுறை கேட்டாயிற்று, அடுத்த ஒரு வாரத்திற்கு மறுபடியும் கேட்க முடியாது.

பினாங்கில் இன்னொன்றும் உண்டு. ஹொக்கியன் குடும்பங்களுக்குப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் மிகப் பெரிய நாள். அதற்கு முந்தைய இரவிலேயே வீட்டு வாசலில் கரும்பு வைத்து வழிபடுவார்கள். 2026இல் அது பிப்ரவரி 24 இரவும் 25ஆம் தேதியும். பொது விடுமுறை இல்லை என்றாலும், அந்த இரண்டு நாளும் பல நாற்காலிகள் காலியாக இருப்பதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): அண்ணே, எங்கள் கடையில் தீபாவளிக்கு ஒரே ஒரு நாள்தான் விடுமுறை தருகிறார்கள். இது சட்டப்படி சரியா?

பதில்: இது வேறு விஷயம், தம்பி. தீபாவளிக்குப் பொது விடுமுறை ஒரு நாள்தான். கூடுதலாகத் தருவது முதலாளியின் விருப்பம். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள்.

கேள்வி (ஷா ஆலம்): எனக்கு இன்னொரு நிறுவனம் வேலைக் கடிதம் கொடுத்துவிட்டது. 20ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் நான் விரும்பும் நிறுவனம் அந்த வாரம் முழுக்க மூடியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மேலே சொன்ன காத்திருப்புக் கணக்கெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. மூடுவதற்கு முன்பே, 11 அல்லது 12ஆம் தேதி காலையில் எழுதுங்கள். “இன்னொரு வேலைக் கடிதத்திற்கு 20ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியுள்ளது, உங்கள் முடிவு எப்போது தெரியும் என்று 13ஆம் தேதிக்குள் சொல்ல இயலுமா?” என்ற பொருளில் இரண்டு வாக்கியம் போதும். சம்பளத்தையோ மற்ற நிறுவனத்தின் பெயரையோ எழுத வேண்டாம். அதே நாளில் கடிதம் கொடுத்த நிறுவனத்திடம் 27ஆம் தேதி வரை அவகாசம் கேளுங்கள். அவர்களும் அந்த வாரத்தில் பாதி நாள் மூடியிருக்கலாம் என்பதால், கெடு வைத்தவருக்கே அது நினைவில்லாமல் இருக்கக்கூடும்.

கடைசி வேலை நாளான 13ஆம் தேதி மாலைவரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இதை என் சொந்தத் தவறிலிருந்து சொல்கிறேன். ஒருமுறை விடுமுறைக்கு முந்திய மாலை நான்கு மணிக்கு ஓர் இளைஞர் இதே போன்ற கடிதம் அனுப்பியிருந்தார். நான் மேசையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். திறந்து படித்தபோது ஒன்பது நாள் கழிந்திருந்தது. அவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தவரும் அவர்தான்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): நீங்கள் சொல்வது சீனக் குடும்ப நிறுவனங்களுக்குப் பொருந்தும். எங்கள் மின்னணுத் தொழிற்சாலை இரண்டு நாள்தான் மூடும். ஆனால் ஆள் எடுக்க ஒப்புதல் தருபவர் தைவானில் இருக்கிறார். அங்கே விடுமுறை இன்னும் நீளம். அதை ஏன் சொல்லவில்லை?

பதில்: சொல்லாதது என் குறைதான், நன்றி. நான் ஒரே வகை நிறுவனத்தில் காலம் கழித்தவன். அப்படிப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகம் திறந்திருப்பதைப் பார்த்து நாள் எண்ணினால் ஏமாந்துபோவோம். நேர்காணலின் முடிவிலேயே “இறுதி ஒப்புதல் இங்கேயா, தலைமையகத்திலா?” என்று கேட்டு வைத்துக்கொள்வதே வழி. தலைமையகம் என்றால் அவர்கள் திறக்கும் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த், மீண்டும்): மார்ச் 3ஆம் தேதி எழுதியும் பதில் வராவிட்டால்? புலனத்தில் கேட்கலாமா?

பதில்: ஒரு வாரம் விட்டு, 10 அல்லது 11ஆம் தேதி அலுவலகத் தொலைபேசியில் அழையுங்கள். அதற்கு மேல் தள்ளினால் சேமநிதி, சொக்சோ பணத்தை 15ஆம் தேதிக்குள் கட்டும் அவசரத்தில் மாட்டுவீர்கள். அதைத் தாண்டினால் நோன்புப் பெருநாள் விடுப்பு தொடங்கிவிடும், பிறகு ஏப்ரல்தான்.

புலனத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை. நேர்காணலுக்கு அழைத்ததே அதன் வழியாகத்தான் என்றால் கேட்பதில் தவறில்லை என்பேன். விடுமுறை நாளில் மட்டும் வேண்டாம். என் மகளும் இதே துறையில்தான் இருக்கிறாள். தன் சொந்த எண்ணுக்கு வரும் எந்த விசாரிப்புக்கும் அவள் பதிலே போடுவதில்லை.