முடிச்சிலிருந்து வினாவுக்கு: படைப்புவழி ஆய்வேட்டின் மீள்நோக்குப் பகுதி பற்றிய கேள்வி பதில்

திருநகர், முதுகலை மாணவி: அம்மா, சுங்குடி முடிச்சில் வரிசையாகச் சில துணிகள் செய்திருக்கிறேன். 'கையின் இருப்பு புள்ளியில் எப்படித் தெரிகிறது' என்பது ஆய்வு வினா. செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் மீள்நோக்குப் பகுதியில் மடித்தது, முடிந்தது, சாயமிட்டது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். "செய்முறை இருக்கிறது, ஆய்வு எங்கே?" என்கிறார் நெறியாளர்.

உங்கள் வினாவைச் சாயத்தொட்டிக்குள் இறங்கும் அளவுக்கு முதலில் சிறியதாக்குங்கள். கை எதை மாற்றுகிறது? நூலைச் சுற்றும் இறுக்கத்தை. அது எங்கே தெரிகிறது? புள்ளியின் விளிம்பில். ஆகவே, இறுக்கம் தளரும்போது விளிம்பு என்ன ஆகிறது, அதில் நீங்கள் எதைத் திருத்தாமல் விட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து செய்முறை நாட்குறிப்பைப் புரட்டி, இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்த இடங்களை மட்டும் குறியுங்கள். ஒரு துணியில் காலையில் முடிந்த வரிசைகள் கூர்மையாகவும், மாலையில் முடிந்தவை சாயம் கசிந்து மங்கலாகவும் வந்திருந்தன என்று வைத்துக்கொள்வோம். அதை ஒதுக்கிவிட்டுப் புதிய துணி எடுத்திருக்கலாம். நீங்களோ அதையே காட்சிக்கு வைக்க முடிவு செய்தீர்கள். உங்கள் ஆய்வு நடந்தது அந்த இடத்தில்தான். அதை எழுதும்போது, எதை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, என்ன முடிவெடுத்தீர்கள், அந்த முடிவு வினாவை எங்கே நகர்த்தியது என்ற வரிசையில் செல்லுங்கள்:

"புள்ளிகள் ஒரே சீராக வரும் என்று எதிர்பார்த்தேன். மாலை வரிசைகளில் சாயம் கசிந்தது. துணி முழுவதும் ஒரே தொட்டியில் ஒரே நேரம் தோய்ந்ததால், சாயத்தின் அடர்த்தியோ நேரமோ காரணமாக இருக்க முடியாது. கை சோர்ந்து நூல் தளர்ந்ததே காரணம் என்று கருதுகிறேன். இந்தத் துணிக்குப் பிறகு, கையின் தடயத்தைப் புள்ளியின் வடிவத்தில் தேடுவதை விட்டுவிட்டு, வரிசைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் தேடினேன்."

காலை வரிசையும் மாலை வரிசையும் மடிப்பின் ஒரே அடுக்கில் இருந்தனவா என்பதையும் சொல்லிவிடுங்கள். உள்ளடுக்கில் சாயம் குறைவாக ஏறும். தேர்வாளர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று: பார்வையாளர் கையை உணர்ந்தார் என்று எழுத இந்தத் துணி மட்டும் போதாது. பார்த்தவர்களிடம் கேட்டிருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

மேலூர், ஆய்வு மாணவர்: நாள் வரிசைப்படி எழுதினால் போதாதா? பிறகு நடந்ததை முன்னால் சொன்னால் பொய்யாகிவிடுமே.

உங்கள் இரண்டாவது வாக்கியம் சரி. ஒரு நிகழ்வுக்குள் முன்பின்னை மாற்றக் கூடாது. ஆனால் பகுதி முழுவதையும் நாட்களின்படி அடுக்கினால், சாயம் வாங்கிய நாளும் வினா திரும்பிய நாளும் ஒரே கனத்தில் நிற்கும். துணைவினாக்களின்படி பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் நாள் வரிசையைக் காப்பாற்றுங்கள். எழுதிய பத்தியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் வினா தெரியாத நண்பரிடம் அதைக் கொடுத்து, எந்த வினாவுக்கு எழுதியது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் அது வெறும் செய்முறைக் குறிப்பு.

விளாச்சேரி, சிற்பம் பயில்பவர்: அக்கா, நான் செய்த மண்குதிரை சூளையில் கால் வெடித்துவிட்டது. என்ன செய்யலாம்?

கால் உடலோடு சேரும் இடம் தடித்திருந்தால் உள்ளே ஈரம் தங்கி, சூட்டில் ஆவியாகி வெடிக்கும். உள்ளே குடைந்து சுவரை ஒரே கனமாக்கி, நிழலில் மெதுவாக உலரவிடுங்கள் தம்பி. இது ஆய்வேட்டுக்குள் வர வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஒரு தனி ஆள் எவ்வளவு பெரிய உருவத்தைத் தாங்க முடியும் என்பது உங்கள் வினா என்றால், அந்த வெடிப்பு நடுநாயகம். புரவியெடுப்பு முடிந்து திடலில் நிற்கும் குதிரைகள் மழையில் கரைவது பற்றிய ஆய்வென்றால், பின்னிணைப்பில் ஒரு வரி போதும்.

பெயர் வேண்டாம் என்றவர்: செய்தபோது நாட்குறிப்பு எழுதவில்லை. இப்போது பழைய தேதிகளில் எழுதிச் சேர்க்கலாமா?

கூடாது. செய்யும்போதே ஓடும் சிந்தனையையும் செய்து முடித்தபின் வரும் சிந்தனையையும் அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஒன்றுக்கு மற்றொன்றின் வேடம் போடுவதுதான் தவறு. கைபேசிப் படங்களின் தேதி, சோதனைத் துண்டுகள், சாயக்கடை ரசீது ஆகியவற்றை வரிசைப்படுத்துங்கள். அவற்றைப் பார்த்து இன்று நினைவுகூர்வதாக, இன்றைய தேதியிட்டு எழுதுங்கள்.

திருமங்கலம், ஓவியர்: படைப்பே விடை என்று சொல்லிவிட்டால் இந்த மீள்நோக்குப் பகுதியே தேவையில்லையே?

இதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சொல்லில் அடங்காத அறிவு படைப்பில் இருக்கிறது என்பாரும் உண்டு, எழுத்தில் வந்தால்தான் பிறர் சரிபார்க்க முடியும் என்பாரும் உண்டு. நான் இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்கிறேன். மங்கலான வரிசையைத் துணி காட்டும். அதை ஒதுக்காமல் வைத்துக்கொண்டது ஏன் என்பதைத் துணியால் காட்ட முடியாது. உங்கள் தேர்வாளர்கள் எந்தப் பக்கம் என்பதை, பல்கலைக்கழக விதிமுறையில் எழுத்துப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.