ஒரே வங்கிக் கணக்கில் இரண்டு சப்ளையர்கள்: பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் சப்ளையர் பட்டியலைப் பல ஆண்டுகளாக யாரும் சரிபார்க்கவில்லை. இந்த மாத இன்வாய்ஸ்களுக்குப் பணம் அனுப்பும் முன், பயன்பாட்டில் இல்லாத பதிவுகள், இரட்டைப் பதிவுகள், ஒரே வங்கிக் கணக்கைக் காட்டும் பதிவுகள் ஆகியவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

டர்பனில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் சப்ளையர் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். என் கருத்தில், இந்தச் சோதனையைப் பெயரில் தொடங்காமல் வங்கிக் கணக்கு எண்ணில் தொடங்குவதே நல்லது. எங்கள் ஊரில் கோவெண்டர், நாயுடு, பிள்ளை என்ற பெயர்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பலர் தொழில் செய்கிறார்கள். முதலியார் என்ற ஒரே குடும்பப் பெயரையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஆகவே பெயரை வைத்துத் தேடினால், வேறானவை ஒன்றாகவும், ஒன்றாக இருப்பவை வேறாகவும் தெரியும். மேலும், தென்னாப்பிரிக்காவில் சாதாரண ஈ.எஃப்.டி. மூலம் அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே போய்ச் சேர்கிறது. நாம் எழுதும் பெயர் அந்தக் கணக்கின் உரிமையாளருடையதுதானா என்று வங்கி ஒப்பிடுவதில்லை.

"ஒரே இன்வாய்ஸை இரண்டு முறை பதிவு செய்ய மென்பொருளே விடாதே" என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான கணக்கு மென்பொருள்கள் சப்ளையர் குறியீட்டையும் இன்வாய்ஸ் எண்ணையும் சேர்த்துத்தான் ஒப்பிடுகின்றன. ஒருவரே இரண்டு குறியீடுகளில் இருந்தால், அவருடைய ஒரே இன்வாய்ஸ் இரண்டு குறியீடுகளிலும் தடையின்றி ஏறிவிடும். இரட்டைப் பதிவின் உண்மையான ஆபத்து இதுதான்.

பட்டியலை எக்ஸெலுக்கு ஏற்றுமதி செய்தபின், கணக்கு எண்களை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சில கணக்கு எண்கள் சைபரில் தொடங்கும். எக்ஸெல் அந்தச் சைபரை விழுங்கிவிடும். சிலர் இடைவெளி விட்டும், சிலர் கோடு போட்டும் பதிந்திருப்பார்கள். கணக்கு எண் C நிரலில் இருப்பதாகக் கொண்டால், H நிரலில் முதல் சூத்திரத்தையும் I நிரலில் இரண்டாவதையும் இடுங்கள்:

```
=TEXT(SUBSTITUTE(SUBSTITUTE(C2," ",""),"-",""),"00000000000")
=IF(H2="","",COUNTIF(H:H,H2))
```

இரண்டாவது சூத்திரம் 1-க்கு மேல் காட்டும் வரிகள் மட்டுமே இனி நமக்கு வேண்டியவை. கிளைக் குறியீட்டை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். ஒரே கணக்குக்கு ஒரு பதிவில் பழைய கிளையின் குறியீடும், மற்றொன்றில் அந்த வங்கி முழுவதற்குமான பொதுக் குறியீடும் (எஃப்.என்.பி.க்கு 250655 என்பது போல) இருக்கக்கூடும், சேர்த்தால் இரண்டும் வேறு என்று தோன்றிவிடும். கணக்கு எண் ஒத்துப்போன பிறகு, வங்கியும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்த்தால் போதும்.

இப்படிக் கிடைப்பவை எல்லாம் தவறு அல்ல. தங்களுக்கு வரவேண்டிய தொகையை ஒரு நிதி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு முன்பணம் வாங்கும் சப்ளையர்கள் உண்டு. அவர்கள் அனைவருக்கும் செலுத்துவது அந்த நிதி நிறுவனத்தின் ஒரே கணக்குக்குத்தான். பல கட்டட உரிமையாளர்களின் வாடகையை ஒரே முகவர் வசூலிப்பதும் அப்படியே. இவற்றுக்கு எழுத்து மூலமான அறிவிப்பு கோப்பில் இருக்க வேண்டும். இருந்தால் பட்டியலில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு நகரலாம்.

நகர முடியாத ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ஒரு லாரி உரிமையாளர் முன்பு தன் சொந்தப் பெயரில் தொழில் செய்தபோது KD031 என்ற குறியீட்டில் இருந்தார். பிறகு கம்பெனி பதிவு செய்து, வாட் எண்ணும் பெற்று, TR118 என்ற குறியீட்டில் வந்தார். பழைய வங்கிக் கணக்கையே மாற்றாமல் வைத்திருந்தார். KD031-க்கு 2021-க்குப் பிறகு எதுவும் செலுத்தப்படவில்லை என்றாலும், அதை யாரும் முடக்கவில்லை. அண்மையில் ஒரு மாதத்தின் பட்டுவாடாப் பட்டியலில் இரண்டு குறியீடுகளும் சேர்ந்து வந்தன. TR118-இல் 1147 என்ற எண்ணில் 18,400 ராண்டும் வாட் 2,760 ராண்டும் பதிவாகியிருந்தன. KD031-இல் INV1147 என்ற எண்ணில் வாட் இல்லாமல் 21,160 ராண்ட் பதிவாகியிருந்தது.

மின்னஞ்சலில் வந்த இன்வாய்ஸை ஒருவரும், சரக்குச் சீட்டோடு வந்த காகிதப் பிரதியை இன்னொருவரும் பதிந்திருந்தார்கள். பழைய பதிவில் வாட் எண் இல்லாததால், மொத்தத் தொகை அப்படியே வாட் இல்லாத தொகையாக ஏறிவிட்டது. வாட் நீங்கிய தொகைகளை ஒப்பிட்டிருந்தால் 18,400-உம் 21,160-உம் வேறு வேறாகத் தெரிந்திருக்கும். செலுத்த வேண்டிய மொத்தத்தை ஒப்பிட்டதால்தான் ஒன்று என்று தெரிந்தது. இரண்டு பதிவுகளிலும் சரக்குச் சீட்டு எண் ஒன்றாக இருந்தது, சப்ளையரின் மாதாந்திர அறிக்கையிலும் ஒரே இன்வாய்ஸ்தான் இருந்தது. KD031 பதிவை ரத்து செய்தோம். பிறகு, TR118 தொடங்கிய நாள் முதல் இரண்டு குறியீடுகளிலும் செலுத்தியவற்றை அருகருகே வைத்து, முன்பு இதே போல் நடந்திருக்கிறதா என்று பார்த்தோம். பழைய குறியீட்டை அழிக்கவில்லை, முடக்கினோம். கம்பெனிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

இதைக் கவனக்குறைவு என்று முடிவு செய்ய உதவியது பதிவின் மாற்ற வரலாறுதான்: KD031-இன் வங்கி விவரத்தை யாரும் அண்மையில் தொடவில்லை. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் உறங்கிக் கிடந்த பதிவு ஒன்றில், புதிய இன்வாய்ஸ் வருவதற்குச் சற்று முன்பு வங்கி எண் மாற்றப்பட்டிருந்தால், கதை வேறு. அப்போது பணத்தை நிறுத்தி வைத்து, யார் மாற்றினார், எந்தக் கடிதத்தின் பேரில் மாற்றினார் என்று பாருங்கள். சப்ளையரை அந்தக் கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் அல்லாமல் பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். அதே H நிரலைச் சம்பளப் பட்டியலின் கணக்கு எண்களோடும் ஒருமுறை ஒப்பிடுவது நல்லது. இதைச் சம்பளப் பிரிவைச் சேராத, சப்ளையர் பதிவுகளை மாற்றும் உரிமையும் இல்லாத ஒருவர் செய்ய வேண்டும். ஊழியர் ஒருவரின் கணக்கு சப்ளையர் பதிவில் தென்பட்டால், அவரிடமே விளக்கம் கேட்காமல் நேராக நிதி மேலாளரிடம் கொண்டு செல்லுங்கள்.

வங்கிகள் தரும் ஏ.வி.எஸ். என்னும் கணக்குச் சரிபார்ப்புச் சேவையைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதன் எல்லையை அறிந்து பயன்படுத்துங்கள். கணக்கு திறந்திருக்கிறதா, நாம் கொடுத்த அடையாள எண்ணோ கம்பெனிப் பதிவு எண்ணோ அதோடு பொருந்துகிறதா என்பதை அது சொல்லும். மேலே சொன்ன லாரி உரிமையாளரின் கணக்கு அவருடைய தனிப்பட்ட அடையாள எண்ணோடு பொருந்தியது, கம்பெனி எண்ணோடு பொருந்தவில்லை. அதனால் கம்பெனியின் பெயரிலேயே கணக்கு திறந்து வங்கிக் கடிதம் தரும்படி கேட்டோம். ஒரு கணக்கைப் பங்கிடும் இரண்டு பதிவுகளில் எது சரி என்பதையோ, இன்வாய்ஸ் உண்மையானதா என்பதையோ அந்தச் சேவை சொல்லாது.

இத்தனையையும் பட்டுவாடாப் பட்டியல் இறுதியான பிறகு, ஒப்புதல் கொடுக்கும் முன் செய்யுங்கள். முன்னதாகச் செய்தால், இடைப்பட்ட நாட்களில் பதிவுகள் மாறலாம். இன்னொன்று: வங்கியின் இணையத் தளத்தில் நாம் சேமித்து வைத்திருக்கும் பெறுநர் பட்டியல் தனி, கணக்கு மென்பொருளில் ஒரு பதிவை முடக்கினாலும் அங்கே அது அப்படியே இருக்கும். ஆகவே ஒப்புதல் கொடுப்பவர், வங்கித் திரையில் தெரியும் கணக்கு எண்களைச் சரிபார்த்த H நிரலோடு ஒப்பிட்ட பிறகே பணத்தை விடுவிக்க வேண்டும். முடக்கிய சப்ளையர்களை அந்தப் பெறுநர் பட்டியலிலிருந்தும் அன்றே நீக்கிவிட வேண்டும்.