புள்ளி உயர்ந்தால் போதுமா? மன்ஹாட்டன் வரைபு பற்றி வாசகர் கேள்விகள்

சேர், நீரிழிவு ஆய்வொன்றில் வண்ணப் புள்ளிகள் குவிந்து, இடையிடையே கோபுரம்போல் எழும் படத்தைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?
*உயர்தர உயிரியல் ஆசிரியை, ஹட்டன்*

நீங்கள் பார்த்ததுதான் மன்ஹாட்டன் வரைபு. கிடை அச்சில் 1 முதல் 22 வரை நிறமூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் டி.என்.ஏ.யில் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து வேறுபடுகிற ஓர் இடம். அதை ஸ்னிப் என்கிறோம். அந்த எழுத்து நோயுள்ளவர்களிடம் எத்தனை வீதம், இல்லாதவர்களிடம் எத்தனை வீதம் என்று ஒப்பிட்டு ஒரு p பெறுமதி எடுக்கிறார்கள். தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடோ அதைவிடப் பெரியதோ தற்செயலாக வருவதற்கான வாய்ப்புத்தான் p. நிலைக்குத்து அச்சில் இருப்பது `-log10(p)`. p 0.01 என்றால் உயரம் 2, 0.00001 என்றால் 5. p சிறுக்கச் சிறுக்கப் புள்ளி மேலே போகும். 7.3 உயரத்தில் குறுக்கே ஒரு கோடு கிடக்கும். அதைத் தாண்டியதைத்தான் கண்டுபிடிப்பு என்று எடுப்பார்கள்.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உயரம் காட்டுவது ஆதாரத்தின் பலத்தை, நோயை உண்டாக்கும் பலத்தை அல்ல. இரண்டாம் வகை நீரிழிவு வரைபுகளில் 10ஆம் நிறமூர்த்தத்தில் மிக உயரமாக நிற்பது TCF7L2 பகுதி. அங்கே பேர்போன ஸ்னிப் `rs7903146`. அதன் ஆபத்தான எழுத்து ஒரு பிரதி இருந்தால் நோய்க்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்து பலரிடம் இருப்பதாலும், ஆய்வுகளில் ஆட்கள் அதிகம் என்பதாலுமே கோபுரம் அப்படி எழுகிறது.

எங்கள் ஆய்வில் ஒரு ஸ்னிப்புக்கு p = 0.00003 வந்தது. மேற்பார்வையாளர் "இதை முடிவாக எழுத முடியாது" என்கிறார். 0.05க்குக் குறைந்தால் போதும் என்றுதானே படித்தோம்?
*பல்கலைக்கழக மாணவர், தலவாக்கலை*

0.05 என்பது ஒரேயொரு கேள்வி கேட்பவருக்கான எல்லை. நீங்கள் கேட்டது இலட்சக்கணக்கான கேள்விகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த நோய்க்கும் டி.என்.ஏ.க்கும் எந்தத் தொடர்புமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் p பெறுமதிகள் 0க்கும் 1க்கும் இடையே சமமாகச் சிதறி விழும். ஒன்றையொன்று சாராத பத்து இலட்சம் சோதனைகள் செய்தால், 0.05க்குக் கீழே 50,000 வரும். 0.00003க்குக் கீழே? பத்து இலட்சத்தை 0.00003ஆல் பெருக்குங்கள்: 30. அதாவது ஒன்றுமே இல்லாத வரைபிலும் உங்கள் புள்ளியின் உயரத்தில் (4.5) அல்லது அதற்கு மேலே முப்பது புள்ளிகள் நிற்கும். உங்களுடையது அந்த முப்பதில் ஒன்றா, உண்மையானதா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அதனால்தான் 0.05ஐப் பத்து இலட்சத்தால் வகுத்து 5×10⁻⁸ என்று எல்லை வைத்தார்கள். வரைபில் அந்தக் கோடு 7.3இல் வருவது இப்படித்தான். இந்த எல்லையில், தொடர்பே இல்லாத இருபது ஆய்வுகளில் ஒன்றில்தான் ஒரு பொய்ப் புள்ளி தாண்டும்.

"ஸ்னிப்புகளை வாசிக்கும் எங்கள் சிப்பில் ஆறு இலட்சம்தானே, அப்போ எல்லையைத் தளர்த்தலாமே" என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்தப் பத்து இலட்சம் சிப்பில் உள்ள எண்ணிக்கை அல்ல. பக்கத்துப் பக்கத்து ஸ்னிப்புகள் கூட்டாகவே பரம்பரையாக வருவதால், ஒன்றைச் சோதித்தால் அயலில் உள்ளதையும் பாதி சோதித்த மாதிரி. ஐரோப்பிய வம்சாவளியினரின் முழு மரபுத்தொகுதியிலும் பரவலான வேறுபாடுகளைச் சோதித்தால், அது சுமார் பத்து இலட்சம் தனித்தனிச் சோதனைகளுக்குச் சமம் என்பது மதிப்பீடு. ஆபிரிக்க வம்சாவளியில் இந்தக் கூட்டுகள் குட்டையானவை, ஆகவே எல்லை இன்னும் இறுகவேண்டும். கல்லில் செதுக்கிய எண்ணும் அல்ல: 2007இல் பிரித்தானியாவில் ஏழு நோய்களை ஆராய்ந்த பெரிய கூட்டாய்வு 5×10⁻⁷ஐத்தான் வலுவான ஆதாரத்துக்கு எல்லையாக எடுத்தது.

கண்டிப்புக்கு விலை உண்டு, அதையும் சொல்லவேண்டும். சிறு விளைவுள்ள உண்மைப் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே புதைந்துபோகும். மனச்சிதைவு நோயில், 2009இல் மூவாயிரம் சொச்சம் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் 6ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதிதான் பேசப்பட்டது. 2014இல் சுமார் 37,000 நோயாளிகள் சேர்ந்தபோது 108 இடங்கள் தாண்டின. உங்கள் புள்ளியை எறிந்துவிடாதீர்கள். வேறு ஆட்களில், அந்த ஒரு ஸ்னிப்பை மட்டும் சோதியுங்கள். அங்கே 0.05 போதும்.

அப்படியானால் முதலிலேயே ஒரு பரம்பரையலகை மட்டும் தெரிவுசெய்து சோதித்தால் இந்தத் தொல்லை இல்லையே?
*வாசகர், பண்டாரவளை*

விற்ற லொத்தர் சீட்டு எல்லாவற்றிலும் யாருக்கோ பரிசு விழுவது அதிசயமில்லை. குலுக்கலுக்கு முன் நீங்கள் விரல் நீட்டிய ஆளுக்கே விழுந்தால்தான் அதிசயம். அந்த வகையில் உங்கள் வாதம் சரி. ஆனால் விரல் நீட்டக் காரணம் பலமாக இருக்கவேண்டும். மனச்சோர்வுக்கு இப்படி "தெரிவுசெய்த" 18 பரம்பரையலகுகளை 2019இல் இலட்சக்கணக்கானோரின் தரவில் பார்த்தபோது, எழுந்தமானமாகப் பொறுக்கியவற்றைவிட அவை எந்த வகையிலும் மேலாக இல்லை.

அயலில் ஒன்றுமில்லாமல் ஒரே ஒரு புள்ளி மட்டும் 9க்கு மேலே நிற்கிறது. கோட்டைத் தாண்டிவிட்டதே, நம்பலாமா?
*ஆய்வுகூட உதவியாளர், கண்டி*

நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். கூட்டாக வரும் அயல் ஸ்னிப்புகளும் உண்மையான தொடர்பில் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். அதனால்தான் கோபுர வடிவம் வருகிறது. சிப் அடர்த்தியாக இருந்தும் ஒற்றைப் புள்ளி அந்தரத்தில் நின்றால், அந்த ஸ்னிப்பின் எழுத்துகளை இயந்திரம் பிழையாக வாசித்திருக்கலாம். AA, AG, GG என்ற மூன்று கூட்டங்களும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றனவா என்று மூலச் சமிக்ஞையைத் திறந்து பாருங்கள். நோயாளிகளும் மற்றவர்களும் ஒரே சிப்பில், கலந்து ஓட்டப்பட்டார்களா என்றும் பாருங்கள். நூறு வயது தாண்டியவர்கள் பற்றி 2010இல் பிரபல சஞ்சிகையில் வந்த ஆய்வு இந்த வகைச் சிப் பிழையால் அடுத்த ஆண்டே மீளப் பெறப்பட்டது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: எல்லா நிறமூர்த்தங்களிலும் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சம் உயர்ந்து நிற்பது. நோயாளிகளை நுவரெலியாவிலும் மற்றவர்களை மாத்தறையிலும் எடுத்தால், நீங்கள் காண்பது நோயின் வேறுபாடல்ல, இரு இடத்து மக்களின் வம்சாவளி வேறுபாடு. எல்லையை எவ்வளவு இறுக்கினாலும் இது போகாது. ஆட்களைச் சேர்க்கும்போதே பொருத்தவேண்டும், பிறகு வம்சாவளியைக் கணக்கில் எடுத்துத் திருத்தவேண்டும்.

FTO என்ற பரம்பரையலகுதான் உடற்பருமனுக்குக் காரணம் என்கிறார்களே?
*தாதி, பதுளை*

16ஆம் நிறமூர்த்தத்தில் கோபுரம் FTOவுக்குள்தான் நிற்கிறது. ஆனால் அந்த இடம் வெகு தூரத்திலுள்ள IRX3 என்ற பரம்பரையலகை இயக்கும் ஆளியாக வேலை செய்கிறது என்று 2014இல் காட்டினார்கள். வரைபு தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது.

தேயிலையிலும் இதே 5×10⁻⁸ தானா?
*தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர், மஸ்கெலியா*

இல்லை, அது மனிதருக்குப் போட்ட கணக்கு. தேயிலையில் எத்தனை தனித்தனிச் சோதனைக்குச் சமம் என்பதை அந்தந்தத் தொகுப்பிலேயே கணக்கிடவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், தண்டுத்துண்டிலிருந்து வளர்த்த வீ.பி. மலையில் TRI 2025 என்ற ஒரே குளோனின் முந்நூறு செடிகளை அளந்தாலும் மரபு ரீதியில் அது ஒரே செடி. விளைச்சலைத் துல்லியமாக அளக்க அது உதவும், ஸ்னிப் தேட உதவாது. வேறு வேறு குளோன்களை எடுத்தாலும் அவை ஒரே தாய்ச்செடியின் வாரிசுகளாக இருந்தால், உறவுமுறையைக் கணக்கில் சேர்க்காமல் வரையும் வரைபில் கோபுரங்கள் தாராளமாக முளைக்கும். பழைய விதைத் தேயிலை மலைகள் இன்னும் இருந்தால் ஆரம்பிக்க அதுதான் நல்ல இடம். அங்கே ஒவ்வொரு செடியும் வெவ்வேறு.