கலர் கெட்டது தலையிலா, அப்பாயின்ட்மென்ட் நோட்டிலா? சலூன் சர்வீஸ் புளூபிரிண்ட்: கேள்வி பதில்

பல வருடங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஹேர் கலர் செய்தேன். இப்போது மற்ற சலூன்களில் போய் உட்கார்ந்து, வேலை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கலர் பற்றியவை என்பதால் பதில்களும் அதையே சுற்றி வரும்.

புதிதாகத் தொடங்கியவர்: அக்கா, புளூபிரிண்ட் போட இன்டீரியர் ஆளைக் கூப்பிட வேண்டுமா? என் கடை சின்னது, இரண்டு நாற்காலிதான்.

அது கட்டட வரைபடம். இதற்கு இன்டீரியர் ஆள் வேண்டாம்; நீளமான ஒரு தாளும் கடிகாரமும் போதும். இதில் இடம் வரையப்படுவதில்லை, நேரம்தான் வரையப்படுகிறது. இடமிருந்து வலமாக ஒரு வாடிக்கையாளரின் வருகை ஓடும். மேல் வரிசையில் அவர் செய்வது: போன் செய்கிறார், வருகிறார், உட்காருகிறார், கண்ணாடியைப் பார்க்கிறார். அதற்குக் கீழே அவர் கண்ணெதிரே நீங்கள் செய்வது, இது முன்மேடை. அங்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே, பின்மேடையில், அவர் பார்க்காமல் நீங்கள் செய்வது: அவருடைய கலர் விவரம் எழுதிய கார்டை எடுப்பது, கலர் கலப்பது, டவல் துவைப்பது, ஸ்டாக் வாங்குவது.

இந்த முறையை முன்வைத்த லின் ஷோஸ்டாக், 1984-இல் அதை விளக்க எடுத்துக்கொண்டது ஷூ பாலிஷ் போடும் வேலை. தவறான நிற மெழுகைத் தடவிவிடுவதை அவர் பிழை நேரும் புள்ளியாகக் குறித்தார். மெழுகு வாங்கிவரும் வேலை கோட்டுக்குக் கீழே இருந்தது. இரண்டே நிமிட வேலைக்கே அப்படி ஒரு கோடு தேவைப்பட்டது. உங்கள் இரண்டு நாற்காலிக்கும் தேவைதான்.

சலூன் மேனேஜர்: நாங்கள் ஏற்கெனவே பிரித்துவிட்டோம். ரிசப்ஷனும் ஹாலும் முன்மேடை, உள் அறை பின்மேடை. சரிதானே?

பாதி சரி. சுவரை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள். கோடு போவது வாடிக்கையாளரின் கண்ணையும் காதையும் வைத்து. ரிசப்ஷனில் இருப்பவர் எதிரே நின்று பேசுவது முன்மேடை; அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த நாளின் நேரங்களை நோட்டில் அடைப்பது பின்மேடை. உள் அறையில் இரண்டு பேர் "இந்த ஷேடு தீர்ந்துவிட்டது, பக்கத்து நம்பரைப் போடு" என்று பேசுவது ஹாலுக்குக் கேட்டால் அது முன்மேடைக்கு வந்துவிட்டது.

உங்கள் தாளில் ரிசப்ஷன் முழுக்க மேலே போய்விட்டதால் அப்பாயின்ட்மென்ட் நோட்டு கீழே எங்குமே வந்திருக்காது. நான் பார்த்தவரை அதிகத் தவறு பிறக்கும் இடம் அதுதான். அடுத்த கேள்வியிலேயே தெரியும்.

உரிமையாளர்: ரூட் டச்-அப்புக்கு வருகிறவர்கள் "ரொம்ப நேரம் வைத்துவிட்டீர்கள், தலை எரிகிறது" என்கிறார்கள். ஸ்டைலிஸ்டுக்கு எத்தனை முறை சொன்னாலும் இதே கதை. ஆளை மாற்றலாமா?

ஆளை மாற்றும் முன் ஒரு வேலையைக் கடிகாரத்தோடு எழுதிப் பாருங்கள். நான் உட்கார்ந்து அளந்த ஒரு கடையில் இப்படி இருந்தது: பேச்சு 10 நிமிடம், கலப்பது 5, தடவுவது 25, காத்திருப்பு 35, பேசினில் அலசுவது 15, உலர்த்துவது 20. மொத்தம் 110 நிமிடம். நோட்டில் "கலர்" என்று எழுதி ஒன்றரை மணி நேரம்தான் அடைத்திருந்தார்கள். 20 நிமிடம் அங்கேயே காணவில்லை.

ஆனால் தலை எரிந்ததற்குக் காரணம் வேறு. இரண்டு ஸ்டைலிஸ்ட்டுக்கும் 10 மணிக்கு ஆளுக்கொரு கலர் கொடுத்திருந்தார்கள். நாற்காலி இரண்டு இருந்ததால் நோட்டில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. பேசின் ஒன்றுதான். இரண்டு தலையும் 11.15-க்கு அலச வேண்டும். முதல் ஆள் 11.30 வரை பேசினில். இரண்டாமவருக்கு 35 நிமிடம் 50 ஆனது. அவர் கண்ணில் பட்டது, டைமர் அடித்தும் அசையாமல் நின்ற ஸ்டைலிஸ்ட். கோபம் அவள்மேல் போனது. அவள் பேசினுக்காகத்தான் நின்றிருந்தாள்.

உங்கள் கடையிலும் இதே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. புகார் வந்த நாட்களின் நோட்டை எடுத்து, ஒவ்வொரு கலருக்கும் பேசின் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஆள்மேல் தவறில்லை. விழவில்லை என்றால் அடுத்த சந்தேகம் டைமர்: காத்திருப்பு நேரத்தில் ஸ்டைலிஸ்ட் ஒரு ஹேர்கட்டை ஆரம்பித்துவிட்டால், மணி அடிக்கும்போது யார் போய் அலசுவது? பல கடைகளில் அந்த மணிக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை.

அந்தக் கடையில் செய்தது சின்ன மாற்றம். நோட்டில் பேசினுக்கென்று தனியாக ஒரு பத்தி போட்டோம். இரண்டாவது கலரை 10.20-க்குத் தள்ளினோம். அவருக்கு அலசும் நேரம் 11.35 ஆனது, பேசின் காலியாக இருந்தது. ஹேர்கட்டுக்கு முன் ஷாம்பு போடுகிறவர்களையும் அந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்பது மட்டும் ஊழியர்கள் மனதில் பதிய நாளானது.

பயிற்சி பெற்ற கலரிஸ்ட்: நேரம் சரி, ஆனால் நரை மூடாமல் திரும்பி வருகிறவர்களை விட்டுவிட்டீர்களே. அது பெரும்பாலும் டெவலப்பர் தேர்விலும் தடவும் அளவிலும் நடக்கும் பிழை. முழுக்க முன்மேடை விஷயம்.

தடவும் அளவு பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். நரை அதிகமாக உள்ள நெற்றியோரத்தில் மெல்லிசாகப் பூசினால் எந்த நோட்டும் காப்பாற்றாது. கலரோடு கலக்கும் பெராக்சைடான டெவலப்பரை மட்டும் நான் கோட்டுக்குக் கீழே வைப்பேன். காரணம், என் கையிலேயே நடந்த ஒன்று.

வழக்கமாக வரும் ஒரு அம்மா. அவருக்கு எப்போதும் செய்கிறவள் அன்று விடுப்பு. கார்டில் "பிரவுன், 20" என்று இருந்தது. நான் அதை 20 நிமிடம் என்று படித்தேன். எழுதியவள் நினைத்தது 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீத பெராக்சைடு. நேரத்தை அவள் எழுதவே இல்லை, ஏனென்றால் அவளுக்கு அது மனப்பாடம். நான் 20 நிமிடத்தில் அலசினேன். உலர்த்தியதும் கண்ணாடியில் நரை அப்படியே எட்டிப் பார்த்தது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. திரும்பவும் கலந்து, தடவி, அலசி, அவருக்கு அரை நாள் போனது.

பிழை தெரிந்தது கடைசிப் படியில், கண்ணாடி முன்னால். அது நடந்தது அதற்கு முந்தைய வருகையின் முடிவில், கார்டு எழுதும்போது. ஆறு வாரம் அது கார்டில் படுத்திருந்தது. அதற்கப்புறம் கார்டில் பிராண்டு, ஷேடு எண், டெவலப்பர் எத்தனை சதவீதம், கலவை விகிதம், எத்தனை நிமிடம் என்று ஐந்து கட்டம் போட்டோம். காலியாக ஒரு கட்டம் இருந்தாலும் பில் போடக் கூடாது என்பது விதி. பிராண்டு ஏன் என்றால், ஒரு கம்பெனியின் 6.3-உம் இன்னொரு கம்பெனியின் 6.3-உம் தலையில் ஒரே நிறமாக வரும் என்று சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் ஒருவர்: நான் சலூன் வைத்திருக்கவில்லை. கலர் போட்ட மறுநாள் எனக்கு இமை வீங்கி, காதோரம் அரித்தது. கடையில் எல்லாமே நன்றாக இருந்தது. இது உங்கள் படத்தில் எங்கே வரும்?

முதலில், டாக்டரைப் பார்த்திருக்காவிட்டால் போய்ப் பாருங்கள். அதுவரை எந்தக் கடையிலும் வீட்டிலும் கலர் வேண்டாம். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் அடுத்த முறை இன்னும் மோசமாக வரக்கூடும்.

உங்கள் கேள்வி எனக்கு முக்கியமானது. பலர் படத்தைக் கதவு திறப்பதில் ஆரம்பித்துக் கதவு மூடுவதில் முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு நடந்ததில் இரண்டு முனையுமே வெளியே இருக்கிறது. நிரந்தரக் கலரில் பெரும்பாலும் இருக்கும் பிபிடி என்ற பொருளுக்கு வரும் ஒவ்வாமை பொதுவாகத் தாமதமாகத் தெரியும், ஓரிரு நாள்கூட ஆகலாம். தடுக்க வேண்டிய பேட்ச் டெஸ்ட்டோ, தோலில் சிறிது தடவிப் பார்ப்பது, 48 மணி நேரம் முன்பே நடக்க வேண்டும். ஆக, தவறிய படி போனில் நேரம் கேட்ட அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. "இதற்கு முன் அரிப்பு வந்ததா, கறுப்பு ஹென்னா டாட்டூ போட்டதுண்டா, டெஸ்ட்டுக்கு என்றைக்கு வர முடியும்" என்று அங்கே கேட்டிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் 48 மணி நேரத்துக்கு எங்கே போவது?

பல வருடம் போட்டவருக்கும் திடீரென்று வரும். அதனால் "ரெகுலர் கஸ்டமர்" என்பதை வைத்து இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

இன்னொரு உரிமையாளர்: கலரை வாடிக்கையாளர் முன்னால் கலந்தால் நம்பிக்கை வரும் என்கிறார்கள். கோட்டுக்கு மேலே கொண்டு வரலாமா?

இதில் எனக்கு இன்னும் உறுதியான முடிவில்லை. முன்னால் கலந்தால் டியூபில் உள்ள எண்ணை அவரும் பார்ப்பார். தவறான ஷேடு என்றால் அங்கேயே பிடிபட வாய்ப்பு உண்டு. தராசு வைத்து அளக்கும் பழக்கமும் தானாக வரும். மறுபக்கம், பேசிக்கொண்டே கலக்கும்போது கை தவறுகிறது. பேச்சு நீண்டால் கலந்தது கிண்ணத்திலேயே காற்றோடு சேர்ந்து மாறத் தொடங்கிவிடும். நான் உதவிய ஒரு கடை முன்னால் கொண்டுவந்து அப்படியே வைத்துக்கொண்டது. இன்னொன்று ஒரு மாதத்தில் உள்ளே எடுத்துப் போய்விட்டது. இரண்டும் நல்ல கடைகள்.

முயன்று பார்ப்பதென்றால் ஒரு ஸ்டைலிஸ்ட்டை மட்டும் மாற்றுங்கள். இரண்டு பேருக்கும் எத்தனை கலர் திரும்பச் செய்ய வேண்டி வந்தது என்று கார்டிலேயே குறித்து வாருங்கள்.

மேனேஜர் மறுபடியும்: ரிசப்ஷனைக் கீழேயும் எழுதிப் பார்த்தேன். பிழை நேரும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்தேன், பதினேழு வந்துவிட்டது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதினேழையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், அது பிறந்த படிக்கும் வாடிக்கையாளர் உணரும் படிக்கும் நடுவே எத்தனை படி இருக்கிறது என்று எழுதுங்கள். டவல் ஈரமாக இருந்தால் கழுத்தில் பட்டதுமே தெரியும், உடனே மாற்றிவிடலாம். கார்டில் தவறாகப் பதிந்த எண் ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும். தூரம் அதிகமானதை முதலில் எடுங்கள், அதுவும் இரண்டு மட்டும். நீங்கள் எழுதியதில் கார்டும் போனும் இருந்தால் அந்த இரண்டையே எடுத்துக்கொள்ளலாம். தாளை உள் அறையில் ஒட்டி வையுங்கள், டவல் மடிக்கிற பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். எந்த மணிக்கு டவல் தீர்கிறது என்பது உங்களைவிட அவளுக்குத்தான் தெரியும்.