இதயத்தின் வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் எது?

கேள்வி: இதயத்தில் நான்கு அறை, நான்கு வால்வு இருக்கிறதே, அவை சேர்ந்து எப்படி ரத்தத்தை நுரையீரலுக்கும் அப்புறம் உடம்புக்கும் தள்ளுகின்றன? வால்வை யார் திறந்து மூடுகிறார்கள்?

சிங்கப்பூரில் இதய ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்க வால்வுகள் திறந்து மூடுவதைத் திரையில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

வால்வை யாரும் திறப்பதில்லை. அதை இழுத்துத் திறக்கும் தசை கிடையாது. வீவக அடுக்குமாடி வீட்டில் தாழ்ப்பாள் போடாத அறைக்கதவை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் திறக்கும், எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் படாரென்று சாத்திக்கொள்ளும். வால்வும் அப்படித்தான். பின்பக்கம் அழுத்தம் கூடினால் திறக்கும், முன்பக்கம் கூடினால் மூடும். தள்ளுகிற வேலை முழுவதும் அறைச் சுவரின் தசையுடையது. தள்ளப்பட்ட ரத்தம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வால்வின் வேலை.

அடுத்து, பலரும் தவறாக நினைக்கிற ஒரு விஷயம். வலது பக்கம் முதலில் துடித்து நுரையீரலுக்கு அனுப்பும், அது திரும்பி வந்த பிறகு இடது பக்கம் துடிக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலறைகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருங்குகின்றன, அப்புறம் கீழறைகள் இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. வலது கீழறை ஒரு வாய் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும் அதே நொடியில், சில துடிப்புகளுக்கு முன்பு நுரையீரலுக்குப் போய் ஆக்ஸிஜன் வாங்கி வந்த ரத்தத்தை இடது கீழறை உடம்புக்குத் தள்ளுகிறது.

இடது பக்கத்தில் ஒரே ஒரு துடிப்பை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் பாதிக்கு மேல் கீழறை ஓய்வாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் நேரம்தான். அப்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மிட்ரல் வால்வு திறந்திருக்கும். பெரும்பகுதி ரத்தம் தானாகவே கீழே இறங்கிவிடும். கடைசியில் மேலறை ஒருமுறை சுருங்கி மிச்சத்தை உள்ளே தள்ளும். இப்போது கீழறையில் சுமார் 120 மில்லி ரத்தம், அழுத்தம் 10 அளவில்தான். (பிபி பார்க்கும்போது சொல்வார்களே, அதே அளவுகோல்.)

கீழறை சுருங்கத் தொடங்கியதும் அதன் அழுத்தம் மேலறையின் அழுத்தத்தைத் தாண்டுகிறது. மிட்ரல் வால்வு சட்டென்று மூடுகிறது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் வரும் 'லப்' அந்த நேரத்துச் சத்தம். ஆனால் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் வால்வு இன்னும் திறக்கவில்லை, காரணம் தமனிக்குள் ஏற்கெனவே 80 அழுத்தம் நிற்கிறது. ஆக, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் இரண்டு கதவும் மூடிய அறைக்குள் ரத்தத்தை வைத்துக்கொண்டு தசை இறுக்குகிறது. ஒரு சொட்டுகூட நகராது. அழுத்தம் மட்டும் 10-லிருந்து 80-க்கு ஏறும். எனக்கு இந்தக் கணம் மிகவும் பிடிக்கும். திரையில் எதுவும் அசையாதது போலத் தெரியும், ஆனால் தசை கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கும். 80-ஐத் தாண்டிய அந்த நொடியே மகாதமனி வால்வு திறந்து ரத்தம் பாய்கிறது. அழுத்தம் 120 வரை போய்ப் பிறகு இறங்கும். தசை தளர்ந்ததும் தமனி ரத்தம் பின்னால் திரும்பப் பார்க்கும், அந்த வேகத்திலேயே வால்வு மூடிவிடும். அதுதான் 'டப்'. வெளியே போனது சுமார் 70 மில்லி. 50 மில்லி உள்ளேயே தங்கிவிடும், அது இயல்பு.

வலது பக்கத்திலும் இதே வரிசைதான். வால்வுகளின் பெயர் மட்டும் வேறு: உள்ளே வருவதற்கு மூவிதழ் வால்வு, வெளியே போவதற்கு நுரையீரல் வால்வு. பெரிய வித்தியாசம் அழுத்தத்தில். இடது பக்கம் 120-க்குத் தள்ளும்போது வலது பக்கம் 25-க்குத் தள்ளினால் போதும். நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் ரத்தக்குழாய்கள் தளர்வானவை. அதோடு, காற்றுப் பைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு. அங்கே 120 அழுத்தத்தில் ரத்தம் அனுப்பினால் நீர் கசிந்து காற்றுப் பைகள் நிறைந்துவிடும். அதனால்தான் ஒரே இதயத்துக்குள் இரண்டு பம்ப். வலது கீழறையின் சுவர் மெல்லியது, இடது கீழறையின் சுவர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தடிமன்.

அழுத்தம் வேறாக இருந்தாலும் அளவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வலது பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் 1 மில்லி மட்டும் கூடுதலாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 75 மில்லி, ஒரு மணி நேரத்தில் நாலரை லிட்டர். உடம்பில் உள்ள ரத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தான், கிட்டத்தட்ட முழுவதும் நுரையீரலில் போய்த் தேங்கிவிடும். இது நடக்காமல் இருப்பதற்குக் காரணம் இதயத் தசையின் ஒரு குணம்: கூடுதலாக நிரம்பி விரிந்தால் அடுத்த துடிப்பில் கூடுதலாகத் தள்ளும். நுரையீரலிலிருந்து அதிகம் வந்தால் இடது பக்கம் தானாகவே அதிகம் அனுப்பிவிடும். இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை.

சரி, கதவு பழுதானால் என்ன ஆகும்? எங்கள் புளோக்கில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆன்ட்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

மிட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் மெல்லியவை. 120 அழுத்தம் கீழிருந்து தள்ளும்போது, பெருங்காற்றில் குடை திருப்பிக்கொள்வது போல மேலறைப் பக்கம் மடங்கிவிட வேண்டும். மடங்காமல் இருப்பதற்குக் காரணம், இதழ்களின் ஓரத்திலிருந்து கீழறைச் சுவரில் உள்ள தசை முனைகளுக்கு ஓடும் வெள்ளை நிற நாண்கள். அவை இதழைத் திறப்பதற்கு இல்லை, மூடிய இதழ் எல்லை தாண்டாமல் இழுத்துப் பிடிப்பதற்கு. ஆன்ட்டிக்குப் பல ஆண்டுகளாகவே இதழ் கொஞ்சம் தொளதொளவென்று இருந்து, சிறிய கசிவும் இருந்தது. ஒருநாள் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவருக்கு மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசலுக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. இரவில் படுத்தால் மூச்சு முட்டியது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். மறுநாள் காலையில் என்னிடம் சொன்னபோது, படுத்தால் முட்டுகிறது என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னேன்.

ஸ்கேனில் ஒரு நாண் அறுந்து, இதழின் ஓரம் மேலறைக்குள் படபடத்துக்கொண்டிருந்தது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மகன் என்னிடம் கேட்டான்: "அக்கா, இதயம் 70 சதவீதம் பம்ப் பண்ணுதுன்னு போட்டிருக்கு, நல்ல நம்பர்தானே? அப்புறம் ஏன் அம்மாவுக்கு மூச்சு வாங்குது?"

அவனுக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். அந்தச் சதவீதம், கீழறையில் இருந்ததில் எவ்வளவு வெளியேறியது என்பதை மட்டும்தான் சொல்லும். எந்தக் கதவு வழியாக வெளியேறியது என்று சொல்லாது. ஆன்ட்டியின் கீழறையில் 170 மில்லி நிரம்பி 120 மில்லி வெளியேறியது, 70 சதவீதம். ஆனால் அந்த 120-இல் 65 மில்லி அறுந்த பக்கமாக மேலறைக்கே திரும்பிப் போனது. மகாதமனிக்குப் போனது 55 மட்டும். அதை ஈடுகட்ட இதயம் நிமிடத்துக்கு 96 முறை துடித்து 5.3 லிட்டரை உடம்புக்கு எப்படியோ கொடுத்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் போன 65 மில்லிதான் மூச்சுத்திணறலுக்குக் காரணம். மேலறைக்கும் நுரையீரலுக்கும் நடுவில் வால்வே கிடையாது, சிரைகள் நேராகத் திறக்கின்றன. மேலறையில் ஏறிய அழுத்தம் அப்படியே நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போகிறது. அங்கே 25-ஐத் தாண்டினால் நீர் வெளியே கசியத் தொடங்கும். படுத்தால் கூடுவது ஏன்? நிற்கும்போது கால்களில் தங்கும் ரத்தம், படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்புகிறது. பழுதில்லாத வலது பக்கம் அதை முறைப்படி நுரையீரலுக்குத் தள்ளுகிறது, இடது பக்கத்தால் வாங்கி அனுப்ப முடியவில்லை. நான் மேலே சொன்ன அந்த 1 மில்லிக் கணக்கு உண்மையிலேயே நடப்பது இப்படித்தான்.

முதலில் மருந்து கொடுத்து நீரை வெளியேற்றினார்கள். அப்புறம் அறுவை சிகிச்சை. வால்வை மாற்றவில்லை. அறுந்த நாணுக்குப் பதில் செயற்கை நூல் தைத்து, விரிந்துபோன விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் போட்டார்கள். இதழ்கள் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் இதுதான் நல்ல வழி, சொந்த வால்வே இருந்துவிடும்.

சில மாதம் கழித்து அடுத்த ஸ்கேன் வந்தது. மகன் மறுபடியும் கதவைத் தட்டினான், இந்த முறை முகம் வாடியிருந்தது. "70 இருந்தது 56 ஆயிடுச்சு அக்கா. ஆபரேஷன் சரியா வரலையா?"

மறுபடியும் தாள் எடுத்தேன். முன்பு இதயத்துக்குப் பின்பக்கம் ஒரு சுலபமான வழி திறந்திருந்தது, அதனால் சிரமமில்லாமல் நிறைய வெளியேற்றியது. இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது, ஒவ்வொரு மில்லியையும் மகாதமனியின் 80 அழுத்தத்தைத் தாண்டித்தான் அனுப்ப வேண்டும். 125 மில்லி நிரம்பி 70 வெளியேறுகிறது, அதுதான் 56 சதவீதம். அந்த 70-ம் உடம்புக்கே போகிறது. நாடித்துடிப்பு 76. பெருக்கிப் பார் என்றேன். அவன் கைப்பேசியில் போட்டான், 5.3 லிட்டர் வந்தது. பழைய தாளில் இருந்த அதே 5.3, நிமிடத்துக்கு 20 துடிப்பு குறைவாக.