கல் பதக்கச் சங்கிலியை ஒன்லைனில் வாங்கும்போது: தேறிய நிறை, 916 முத்திரை, திருப்பிக் கொடுக்கும் விதி

கேள்வி: கொழும்பில் இருக்கிறேன். தங்கச்சியின் கல்யாணத்துக்கு இரண்டு பவுண் அளவில் கல் பதக்கத்தோடு ஒரு சங்கிலியை ஒன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். 22 கரட், 916 என்று போட்டிருக்கிறார்கள். நிறைக்கு ஏற்ற விலை என்கிறார்கள். நம்பி வாங்கலாமா? பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

விற்பவருக்கு முதலில் இதை எழுதிக் கேளுங்கள்: கல்லையும் உள்ளே நிரப்பிய அரக்கையும் கழித்தால் தங்கம் மட்டும் எத்தனை கிராம்? கல் வைத்த நகையில் விலை, செய்கூலி, சேதாரம், பிறகு விற்கும்போது கிடைக்கும் காசு எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் தங்கியிருக்கின்றன. படத்துக்குக் கீழே "2 பவுண்" என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் கல்லோடு சேர்த்த மொத்த நிறை.

ஒரு கணக்காகப் பார்ப்போம். பதக்கத்தோடு சங்கிலியின் மொத்த நிறை 16.400 கிராம். நம்மூரில் பவுண் 8 கிராம், ஆகவே இது இரண்டு பவுணுக்குச் சற்று மேல். பதக்கத்தில் 6 கரட் கல் இருப்பதாகவும் போட்டிருக்கிறது. இங்கே ஒரு குழப்பம் வரும். தங்கத்தில் கரட் என்பது தரம், கல்லில் கரட் என்பது நிறை. கல்லின் ஒரு கரட் 0.2 கிராம், எனவே 6 கரட் 1.200 கிராம். அதைக் கழித்தால் தங்கம் 15.200 கிராம், அதாவது 1.9 பவுண். இதுதான் தேறிய நிறை.

22 கரட் தங்கம் கிராமுக்கு 40,000 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். சேதாரம் 8 வீதம், செய்கூலி கிராமுக்கு 1,500, கல்லுக்கு 9,000. தேறிய நிறையில் போட்டால் தங்கம் 608,000, சேதாரம் 48,640, செய்கூலி 22,800, கல்லோடு மொத்தம் 688,440 ரூபா. இதே வீதங்களை 16.400 கிராமுக்குப் போட்டால் 742,080 ரூபா வரும். வித்தியாசம் 53,640. கல்லுக்குத் தனியாகக் காசு வாங்கிவிட்டு, அதே கல்லைத் தங்க விலையிலும் நிறுத்தால் இப்படித்தான் ஏறும். பற்றுச்சீட்டில் ஒரே ஒரு தொகை இருக்கும்போது இது கண்ணில் படாது. அதனால்தான் தங்கம், சேதாரம், செய்கூலி, கல் என்று நான்கு வரியாகப் பிரித்துத் தரச் சொல்ல வேண்டும். பெறுமதி சேர் வரி விலைக்குள் அடங்கியதா, மேலே கூடுமா என்பதையும் அதே இடத்தில் எழுதி வாங்குங்கள்.

சங்கிலியையும் பதக்கத்தையும் தனித்தனியாக நிறுத்துத் தரும்படியும் கேளுங்கள். இந்தக் கணக்கில் சங்கிலி 11.600, பதக்கம் கல்லோடு 4.800 என்று வைப்போம். சங்கிலியில் கல் இல்லை, ஆகவே அந்த எண்ணை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சந்தேகமெல்லாம் பதக்கத்தின் 4.800 கிராமுக்குள் அடங்கிவிடும். பதக்கத்தின் பின்பக்கப் படத்தையும் வாங்குங்கள். பின்னால் திறந்திருந்தால் கல்லின் அளவைப் பார்த்து நிறையை ஓரளவு மட்டுக்கட்டலாம். பின்பக்கம் தகட்டால் மூடியிருந்தால் உள்ளே அரக்கு இருக்கக்கூடும். கல் கட்டி முடித்த பிறகு தங்கம் எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் நிறுத்துச் சொல்ல முடியாது. கல் கட்டுவதற்கு முன்பு பத்தர் நிறுத்து எழுதிய நிறை இருந்தால்தான் உண்மை தெரியும். அந்தக் குறிப்பு இல்லாத கடை சொல்லும் "தேறிய நிறை" ஒரு மதிப்பீடு மட்டுமே. மூடிய பதக்கமாக இருந்து, நிறைக் குறிப்பும் இல்லையென்றால் அதை ஒன்லைனில் எடுக்க வேண்டாம். செட்டியார் தெருவுக்குப் போய் நேரில் பேசி எடுக்க வேண்டிய நகை அது.

அடுத்தது சேதாரமும் செய்கூலியும். இரண்டுக்கும் வேறு பெயர் இருந்தாலும் உங்கள் கையிலிருந்து போவது ஒரே காசுதான். மெஷினில் பின்னிய சங்கிலியில் உண்மையாகச் சேதமாகும் தங்கம் மிகக் குறைவு, அந்தத் தூளையும் பட்டறையில் திரும்ப எடுத்துவிடுவார்கள். ஆகவே சேதாரத்தை இரண்டாவது செய்கூலி என்றே எண்ணி, இரண்டையும் கூட்டி, தேறிய நிறையால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் 71,440ஐ 15.2ஆல் வகுத்தால் கிராமுக்கு 4,700 ரூபா. இப்போது இன்னொரு தளத்தில் "செய்கூலி இல்லை, சேதாரம் 14 வீதம் மட்டும்" என்று போட்டிருந்தால்? 40,000இல் 14 வீதம் 5,600. செய்கூலி இல்லாத நகைதான் கிராமுக்கு 900 ரூபா கூட, இந்தச் சங்கிலிக்கு மொத்தம் 13,680 கூட. பதக்கத்துக்குக் கைவேலை உண்டு, அதற்குச் சேதாரம் கூடுதலாகக் கேட்பது நியாயம். ஆனால் பதக்கத்தின் வீதத்தைச் சங்கிலியின் 11.600 கிராமுக்கும் சேர்த்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். தனித்தனி நிறை கையில் இருந்தால் இதையும் பேசிக் குறைக்கலாம்.

இனி 916. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை என்பது அதன் பொருள். இந்த எண்ணை அடிக்க ஒரு சின்ன அச்சு போதும், பட்டறையிலோ கடையிலோ யாரும் அடிக்கலாம். அது செய்தவரின் வாக்கு. ஹோல்மார்க் என்பது விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பரிசோதனைக் கூடம் சோதித்த பிறகு இடும் முத்திரை. "916 கேடிஎம்" என்று பெருமையாக எழுதியிருந்தாலும் கேடிஎம் தரத்தைக் காட்டாது. கட்மியம் கலந்த பற்றாசால் பொருத்தியதைச் சொல்லும் பழைய பேச்சு அது. கட்மியப் புகை பத்தர்களின் உடம்பைக் கெடுக்கும் என்பதால் அதைக் கைவிடச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் செய்த நகை என்று விற்பவர் சொன்னால் HUID இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு அது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் விற்கும் ஹோல்மார்க் நகையில் அது இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் BIS CARE செயலியில் Verify HUID என்ற இடத்தில் அதைப் போட்டால் என்ன வகை நகை, என்ன தரம், எந்தக் கூடத்தில் சோதித்தது என்று வரும். நகை வகையையும் கட்டாயம் ஒப்பிடுங்கள். சங்கிலிக்கு உரிய குறியீட்டைப் போட்டால் மோதிரம் என்று வந்தால், அது வேறொரு நகையின் குறியீடு. சங்கிலிக்கும் பதக்கத்துக்கும் வேறு வேறு குறியீடு இருக்க வேண்டும். ஆனால் ஏற்றுமதிக்குச் செய்த நகைக்கு அந்த நாட்டில் ஹோல்மார்க் கட்டாயமில்லை. ஆகவே குறியீடு இல்லாததை வைத்து மட்டும் போலி என்று முடிவுகட்ட முடியாது.

அப்படியான நகைக்கும், உள்ளூரில் செய்ததற்கும் கொழும்பிலேயே வழி உண்டு. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை தங்கத்தின் தரத்தைச் சோதிக்கிறது. பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "அதிகாரசபைச் சோதனையில் 916க்குக் குறைந்தால் முழுத் தொகையையும் சோதனைக் கட்டணத்தையும் திருப்பித் தருவோம்." நேர்மையாக விற்பவருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. நகையை உடைக்காமல் எக்ஸ்ரே கதிரால் பார்க்கும் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அது மேற்பரப்பின் மெல்லிய படையை மட்டுமே படிக்கும், கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாறும். எனவே ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் சங்கிலியின் நடு, கொழுக்கி, பதக்கத்தின் பின்பக்கம் என்று மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பற்றாசு வைத்த மூட்டில் மட்டும் தரம் சற்றுக் குறைவாக வந்தால் பதற வேண்டாம்.

பணம் கட்டும் நேரத்தில் இன்னும் இரண்டு விஷயம் பேசி முடிக்க வேண்டும். தளத்தில் போட்ட நிறை பெரும்பாலும் மாதிரி நகையினது. உங்களுக்கு வரும் சங்கிலி கால் கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதற்கேற்பக் காசு திரும்புமா என்று கேளுங்கள். தங்க விலை ஓடர் கொடுத்த நாளினதா, அனுப்பும் நாளினதா என்பது அடுத்தது. அனுப்பும் முன் உங்கள் சங்கிலியையே தராசில் வைத்து, எண் தெரிய ஒரு படமும், முத்திரையைக் கிட்டப் பிடித்து ஒரு படமும் வட்ஸ்அப்பில் வரட்டும்.

பார்சல் வந்ததும் கூரியர்காரர் முன்னிலையிலேயே வீடியோவைத் தொடங்குங்கள். ஒட்டிய முத்திரை, முகவரிச் சீட்டு, திறப்பது, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் சங்கிலியை வைப்பது எல்லாம் வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாகப் பதிவாக வேண்டும். இடையில் நிறுத்தி மறுபடி எடுத்த வீடியோவை விற்பவர் ஏற்கமாட்டார். தராசு சரியா என்று முதலில் தெரிந்த நிறையுள்ள ஒரு பொருளை வைத்துக் காட்டிவிடுங்கள். நிறை, முத்திரை, கொழுக்கி எல்லாம் பார்த்து முடியும் வரை நகையின் சீட்டை அறுக்க வேண்டாம். அது அறுந்தால் திருப்பி எடுக்கமாட்டோம் என்பது வழக்கமான விதி. நீளம் குறைத்தாலும் பெயர் பொறித்தாலும் அதே கதைதான்.

திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். "திருப்பி எடுப்போம்" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று விஷயம் ஒளிந்திருக்கும். முழுக் காசையும் தருவது ஒன்று, வேறு நகையாக மாற்றித் தருவது ஒன்று, பழைய தங்கமாக மீண்டும் வாங்கிக்கொள்வது ஒன்று. மூன்றாவது என்றால் சேதாரம், செய்கூலி, கல் மூன்றும் போய்விடும். நம் கணக்கில் 688,440 கொடுத்து வாங்கிய நகைக்கு மறுநாளே 608,000தான், அதிலும் கழிவு வைத்தால் இன்னும் குறையும். மாற்றித் தருவது என்றாலும் புது நகைக்கு மறுபடி செய்கூலி எடுப்பார்களா என்று பாருங்கள். முழுக் காசு என்றாலும் "திருப்பும் நாளின் தங்க விலைப்படி" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்து, விலை கிராமுக்கு 1,000 இறங்கினால் உங்கள் கையை விட்டு 15,200 போகும். உங்களுக்குப் பிடிக்காமல் திருப்புவதும், நிறையோ தரமோ குறைந்து திருப்புவதும் ஒன்றல்ல. பின்னதற்கு எந்தக் கழிவும் இருக்கக்கூடாது, கூரியர் செலவும் அவர்களுடையது என்பது தனி வரியாக இருக்க வேண்டும்.

அவர்கள் சொன்னபடி நடக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதற்கு மூன்று மாதம்தான் தவணை. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சங்கிலியைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்துவிடாமல், வந்த கிழமையே சோதனைக்குக் கொண்டுபோங்கள்.