"கல்யாணம் எப்போ?" என்று இன்டர்வியூவில் கேட்டால்

கேள்வி: எனக்கு வயது 28. கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு முதல் இன்டர்வியூ முடிந்தது. "கல்யாணம் எப்போ? ஆனதும் வேலையை விட்டுடுவீங்களா?" என்று கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தேன். அடுத்த ரவுண்டில் எச்.ஆர். மேனேஜரும் கேட்டால் என்ன சொல்வது? இப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: அக்கவுண்ட்ஸ் பிரிவில் இந்தக் கேள்விக்கு அடியில் பெரும்பாலும் ஒரே பயம்தான் இருக்கும். டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, 3பிக்கு 20 என்று மாதம் முழுக்கக் கெடு துரத்தும் வேலை அது. பழகிய ஆள் நடுவில் போய்விட்டால் தாக்கல் தாமதமாகும், அபராதம் வரும். கல்யாணத்தை ஒதுக்கிவிட்டு அந்தப் பயத்துக்குப் பதில் கொடுங்கள்:

"மாசக் கடைசி குளோசிங்குக்கும் ரிட்டர்ன் தேதிகளுக்கும் லேட்டா இருக்க வேண்டியிருக்கும்னு தெரியும் சார். இப்ப இருக்கிற இடத்திலயும் அப்படித்தான் பண்றேன். இங்க அந்த நாட்கள்ல எத்தனை மணி வரைக்கும் இருக்க வேண்டி வரும்?"

கடைசியில் இருக்கும் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவர் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியதும் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். மீண்டும் அதையே பிடித்துக்கொண்டால், "அது வீட்டு விஷயம் சார், வேலைக்கு இடைஞ்சலா வராது" என்ற ஒரு வரி போதும்.

பலர் சறுக்குவது கூடுதலாகப் பேசித்தான். "வீட்ல பார்த்துட்டு இருக்காங்க" என்றால் மாப்பிள்ளை எந்த ஊர், எப்போது என்று அடுத்தடுத்து வரும். "ரெண்டு வருஷத்துக்குப் பண்ண மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். காப்பாற்ற முடியாமல் போனால் உங்கள் பேச்சின் மதிப்புதான் குறையும். தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டதென்றால் பொய் சொல்லாதீர்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும், சேரும் தேதியைப் பேசும்போது, எத்தனை நாள் லீவு வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். தனியார் கம்பெனி இப்படிக் கேட்பதையே குற்றமாக்கும் நேரடிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டுவதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், 5ஆம் பிரிவில் தடை செய்தது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே தடை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் செய்தி வந்தபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் இந்த 5ஆம் பிரிவைக் காட்டித்தான் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆண்களிடம் கேட்காத கேள்வியை உங்களிடம் மட்டும் கேட்டு, அதை வைத்தே நிராகரித்தால் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் நிரூபிப்பது கடினம். அதனால் இன்டர்வியூ முடிந்த அன்றே தேதி, கேட்டவர் பெயர், கேட்ட வார்த்தைகள் மூன்றையும் குறித்து வையுங்கள். அறைக்குள் பிரிவு எண் சொல்லி வாதாடினால் வேலை கிடைக்காது.

எதிர்ப்பக்கம் உட்காருபவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடச் சகஜப் பேச்சில்தான் நழுவி விழுகின்றன. "சொந்த ஊர் எது?" என்பதோடு நிற்காமல் "அங்க எந்தத் தெரு, எந்தக் கோயில்?" என்று போனால், நம் ஊரில் அது சாதியையும் மதத்தையும் கேட்பதுதான், எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். ஊருக்குப் பதிலாக, எப்படி வந்தார், பஸ் வசதி எப்படி என்று கேட்டுத் தொடங்கலாம். வேலைக்கு எது தேவையோ அதை முதலில் தாளில் எழுதுங்கள்: "மார்ச் கடைசி வாரம் இரவு 9 மணி வரை இருக்க முடியுமா?" அதே வாக்கியத்தை ஆண், பெண் எல்லாரிடமும் கேட்டு, பதிலை அதே தாளில் எழுதுங்கள். பெண்களிடம் மட்டும் கேட்டால் இந்த நல்ல கேள்வியும் கெட்டுப்போகும்.

"பி.எஃப்.புக்குக் குடும்ப விவரம் வேண்டுமே" என்று சில எச்.ஆர்.கள் சொல்வார்கள். வேண்டும்தான், ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு. பி.எஃப். நாமினேஷனிலும் கிராஜுவிட்டி படிவத்திலும் திருமண நிலையும் வாரிசுப் பெயரும் கேட்கும் கட்டங்கள் உண்டு. அவற்றை நிரப்புவது ஊழியர், விண்ணப்பதாரர் அல்ல. உங்களிடம் விண்ணப்பப் படிவத்திலேயே "கணவர் பெயர்" என்ற கட்டம் இருந்தால் கோடு போட்டு விடுங்கள். கேட்டால், "சேரும்போது பி.எஃப். ஃபார்ம்ல கொடுத்துடறேன் சார்" என்று சொல்லலாம்.